பையருக்குத் தேதி சொல்வதற்கு முன்னால்: புது மெர்ச்சண்டைசர்களுக்கு ஒரு வழிகாட்டி

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் நான் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. 6,000 போலோ டி-ஷர்ட்டுக்கான ஆர்டர். பையர் போனில் தேதி கேட்டார். துணி கையில் இருப்பது எனக்குத் தெரியும். தையல் லைன் ஒன்று காலியாவதும் தெரியும். "கொடுத்துடலாம்" என்று சொல்லிவிட்டேன். போலோவுக்குக் காலர் வேண்டும், அந்தக் காலரைப் பின்னித் தரும் யூனிட்டில் 12 நாள் வரிசை நிற்கிறது என்பது அடுத்த வாரம்தான் தெரிந்தது. உடல் பாகமெல்லாம் வெட்டிக் கட்டி லைன் ஓரத்தில் கிடக்க, டெய்லர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். கடைசியில் சரக்கு விமானத்தில் போனது. செலவு கம்பெனி தலையில்.

புரொடக்ஷன் மேனேஜர் என்னைத் திட்டவில்லை. "தம்பி, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா போதும். நான் இல்லைன்னு சொல்லியிருக்க மாட்டேன், எப்பன்னு சொல்லியிருப்பேன்" என்றார், அவ்வளவுதான்.

ஆர்டர் பிடிப்பவர்களும் ஆர்டரை முடிப்பவர்களும் சேர்ந்து ஒரு தேதியை எப்படி உருவாக்குவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். மார்க்கெட்டிங்கிலோ மெர்ச்சண்டைசிங்கிலோ புதிதாக வந்தவர்களை மனத்தில் வைத்து எழுதியது. உதாரணங்கள் பின்னலாடையில் இருந்து, ஏனென்றால் எனக்குத் தெரிந்த தொழில் அது.

மூன்று கடிகாரங்கள்

ஒரு டெலிவரி தேதிக்குள் மூன்று கடிகாரங்கள் ஓடுகின்றன.

முதலாவது அப்ரூவல் கடிகாரம். சாயத்தின் நிறத்துக்கு லேப் டிப், பிரிண்ட்டுக்கு ஸ்ட்ரைக்-ஆஃப், அளவுக்கு ஃபிட் சேம்பிள், கடைசியாக உற்பத்தித் துணியிலேயே தைத்து அனுப்பும் பி.பி. சேம்பிள். இவை ஒவ்வொன்றும் கூரியரில் போய், பையர் பார்த்து, பதில் வர வேண்டும். இந்தக் கடிகாரத்தின் சாவி பையர் கையில்.

இரண்டாவது துணிக் கடிகாரம். நூல் வாங்கி, நிட்டிங், டையிங், காம்பேக்டிங், பிரிண்டிங் என்று போகும். பெரும்பாலான கம்பெனிகளில் இவற்றில் பாதிக்கு மேல் வெளியே ஜாப் ஒர்க்கில் நடக்கும். சாவி வெளி யூனிட்டுகளின் கையில்.

மூன்றாவது லைன் கடிகாரம். கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங். சாவி நம் கையில்.

மெர்ச்சண்டைசருக்கு முதல் கடிகாரம் நன்றாகத் தெரியும். புரொடக்ஷனுக்கு மூன்றாவது அத்துப்படி. நடுவில் இருப்பதை இரண்டு பேருமே அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறார்கள். என் காலர் மாட்டியது அந்த நடுவில்தான். பொய்த்துப்போன தேதிகளை எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கும். யாரும் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள், ஆளுக்கு ஒரு கடிகாரத்தை மட்டும் பார்த்துச் சொல்லியிருப்பார்கள்.

முதல் படி: உடனே தேதி சொல்லாதீர்கள், ஆனால் எப்போது சொல்வீர்கள் என்பதை உடனே சொல்லுங்கள்

பையர் கேட்டவுடன் பதில் சொல்லாவிட்டால் ஆர்டர் பக்கத்து கம்பெனிக்குப் போய்விடும் என்ற பயம் நியாயமானதுதான். அதற்காகத் தேதியைச் சொல்ல வேண்டியதில்லை. "நாளை மாலைக்குள் ஃபேக்டரியோடு பேசி உறுதியான தேதி அனுப்புகிறேன்" என்று அன்றே எழுதிவிடுங்கள். அந்த நாளை மாலை தவறக் கூடாது.

இதற்கு உள்ளே ஒரு ஒப்பந்தம் தேவை. மெர்ச்சண்டைசர் ஒரு பக்கத் தாளில் விவரம் கொடுத்தால், ஒரு வேலை நாளுக்குள் புரொடக்ஷன் பதில் தர வேண்டும். பதில் வராவிட்டால் மெர்ச்சண்டைசர் தானாகத் தேதி போடும் பழக்கம் தொடங்கிவிடும். பிறகு நிறுத்துவது கஷ்டம். அதேபோல் அரைகுறை விவரத்தோடு போய் "சும்மா ஒரு தேதி சொல்லுங்க சார்" என்று கேட்டால், அவரும் சும்மா ஒரு தேதிதான் சொல்வார்.

அந்த ஒரு பக்கத்தில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. என்ன ஸ்டைல், எத்தனை பீஸ், எத்தனை நிறம், நிறத்துக்கு எத்தனை. துணியும், ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்று சொல்லும் அதன் ஜி.எஸ்.எம்.மும், பிரிண்ட், எம்ப்ராய்டரி, காலர், ஸ்பெஷல் பட்டன் போல வெளியில் இருந்து வரும் எதுவும், எந்தெந்த சேம்பிளுக்கு அப்ரூவல் தேவை, பையர் கேட்கும் தேதி. நிறங்களின் எண்ணிக்கையைப் பலரும் விட்டுவிடுவார்கள். 24,000 பீஸ் மூன்று நிறத்தில் வருவதும் பன்னிரண்டு நிறத்தில் வருவதும் சாய ஆலைக்கு இரண்டு வேறு ஆர்டர்கள்.

இரண்டாவது படி: லைனைக் கணக்குப் போடுங்கள்

இனி ஓர் ஆர்டரை எடுத்து முழுதாகப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்காக நான் வைத்தவை; உங்கள் ஃபேக்டரி எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஜெர்மனி பையர். 24,000 ரவுண்ட் நெக் டி-ஷர்ட், 160 ஜி.எஸ்.எம். சிங்கிள் ஜெர்ஸி, நெஞ்சில் ஒரு பிரிண்ட். வெள்ளை, கறுப்பு, சிவப்பு தலா 8,000. ஆர்டர் ஷீட் ஜூன் 8-இல் கையெழுத்தாகும். ஆகஸ்ட் 10-இல் சரக்கு ஃபேக்டரியை விட்டுக் கிளம்ப வேண்டும் என்கிறார். 63 நாள். காதில் கேட்கும்போது தாராளமாகத் தெரியும்.

ஒரு பீஸ் தைக்க ஆகும் திட்ட நேரத்தை எஸ்.ஏ.எம். என்பார்கள். இந்த டி-ஷர்ட்டுக்கு 9 நிமிடம் என்று, வேலை நேரத்தை அளக்கும் இன்ஜினியரான ஐ.இ. சொல்கிறார். லைனில் 20 டெய்லர்கள், ஒரு ஷிஃப்ட் 480 நிமிடம். நூற்றுக்கு நூறு ஓடினால் ஒரு நாளைக்கு 1,066 பீஸ் வரும். எந்த லைனும் அப்படி ஓடாது. நூல் அறும், ஊசி உடையும், ஆள் லீவு போடும், பண்டில் வர நேரமாகும். இந்த லைனின் திறன் கடந்த மூன்று மாதத்தில் 55 சதவீதம் என்றால்:

```
20 × 480 × 0.55 ÷ 9 = 586
```

ஒரு நாளைக்கு 585 பீஸ் என்று வைத்துக்கொள்ளலாம். இதில் புதியவர்கள் செய்யும் தவறு இரண்டு. ஒன்று, சிறந்த நாளின் எண்ணை எடுப்பது. "போன மாசம் 800 அடிச்சோமே" என்று லைன் சூப்பர்வைசர் பெருமையாகச் சொல்வார், அது உண்மையாகவும் இருக்கும், ஆனால் அது ஒரு நாள். மூன்று மாதச் சராசரியைக் கேளுங்கள், அதுவும் இதே மாதிரி ஸ்டைலில். இரண்டாவது, முதல் நாளிலிருந்தே முழு வேகம் என்று நினைப்பது. புது ஸ்டைல் ஏறினால் முதல் நாள் கால்வாசி, இரண்டாம் நாள் பாதி, மூன்றாம் நாள் முக்கால்வாசி என்றுதான் வரும். இந்த லைனுக்கு அந்த மூன்று நாளில் 900 பீஸ் என்று வைக்கிறேன்.

ஒன்றரை ஷிஃப்ட்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். திருப்பூரில் ராத்திரி எட்டரை வரை ஓட்டுவது சகஜம், அதனாலேயே அதையும் சேர்த்துத் தேதி போடும் ஆசை வரும். அதைச் சேர்த்துவிட்டால் ஏதாவது தவறும்போது இழுத்துப் பிடிக்கக் கையில் ஒன்றும் இருக்காது.

இப்போது புரொடக்ஷன் ஆபீஸ் சுவரில் இருக்கும் லைன் போர்டைப் பாருங்கள். மூன்றாம் லைன் ஜூலை 17-இல் காலியாகிறது. ஐந்தாம் லைன் ஜூலை 24-இல். மற்றவை செப்டம்பர் வரை நிரம்பியிருக்கின்றன. ஆக, தையல் ஜூலை 17-க்கு முன் தொடங்காது. துணி ஜூன் மாதமே வந்து நின்றாலும் சரி.

மூன்றாவது படி: துணியும் அப்ரூவலும் எங்கே ஒன்றுக்கொன்று காத்திருக்கின்றன என்று பாருங்கள்

24,000 பீஸுக்கு, கூடுதலாக வெட்டுவதையும் சேர்த்துச் சுமார் 4,700 கிலோ துணி. நிட்டிங், டையிங் சேதாரம் போக 5,100 கிலோ நூல். நூல் ஜூன் 14-இல் வருகிறது, நிட்டிங் ஜூன் 22-இல் முடிகிறது. இதற்கு அப்ரூவல் எதுவும் தேவையில்லை என்பதால் தைரியமாக ஓட்டலாம்.

டையிங்குக்கு லேப் டிப் அப்ரூவல் வேண்டும். லேப் தயார் செய்ய 5 நாள், கூரியர் 4 நாள், பையர் பார்த்துச் சொல்ல 3 நாள். முதல் முறையே பாஸானால் ஜூன் 20. ரிஜெக்ட் ஆனால் இன்னொரு 10 நாளுக்கு மேல். சிவப்பு எப்போதும் தகராறு பண்ணும் நிறம். முதல் முறையே பாஸாகும் என்று நம்பித் தேதி போடாதீர்கள். வெள்ளைக்கு இந்தத் தொல்லை குறைவு, ப்ளீச் போட்டால் போதும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் கைகொடுக்கும்.

சாய ஆலையில் வரிசை உண்டு. உங்கள் லாட் உள்ளே போன பிறகு ஆகும் நேரத்தை மட்டும் கேட்டால் மூன்று நான்கு நாள் என்பார்கள். எப்போது உள்ளே எடுப்பீர்கள் என்று தனியாகக் கேளுங்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர் சாய ஆலைகள் மூடப்பட்டபோது ஊரே துணிக்கு அலைந்ததைப் பழைய ஆட்கள் இன்றும் சொல்வார்கள். அதன் பிறகு கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிக்கும் நிபந்தனையோடுதான் ஆலைகள் ஓடுகின்றன. சுத்திகரிப்பு நிலையம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் சாயம் போட முடியும். அவசரம் என்று சொன்னால் ஒரு லாட்டை முன்னால் தள்ளுவார்கள், மொத்தக் கொள்ளளவு மாறாது.

நம் ஆர்டரில் முதல் நிறம் ஜூன் 29-இல், கடைசி நிறம் ஜூலை 6-இல் வருவதாகச் சொல்கிறார்கள். அந்த முதல் துணியை வெட்டி, பிரிண்ட் அடித்து, தைத்து பி.பி. சேம்பிளை ஜூலை 3-இல் அனுப்பினால், 7-இல் போய்ச் சேரும், 10-இல் அப்ரூவல் வரும். அதுவரை கட்டிங் டேபிளில் கத்தி வைக்கக் கூடாது. பி.பி. வருவதற்கு முன் வெட்டிவிட்டு, கழுத்தகலத்தைக் கால் இஞ்ச் மாற்றச் சொல்லிப் பையர் எழுதிய கதைகள் எல்லா ஃபேக்டரியிலும் உண்டு.

ஜூலை 11-இல் கட்டிங். வெட்டிய முன்பாகம் பிரிண்டிங் யூனிட்டுக்குப் போய் வரத் தொடங்க 16. தையல் 17. லைனும் 17-இல்தான் காலியாகிறது. கடிகாரங்கள் ஒரே நாளில் வந்து சேர்வது பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஆபத்து. அப்ரூவல் ஒரு நாள் தாமதித்தால் மூன்றாம் லைன் ஒரு நாள் சும்மா நிற்கும். புரொடக்ஷன் மேனேஜர் சும்மா நிற்க விடமாட்டார், வேறு ஆர்டரை ஏற்றிவிடுவார், அது இறங்க ஒரு வாரம் ஆகும். ஒரு நாள் தாமதம் ஒரு வாரமாவது இப்படித்தான். மெர்ச்சண்டைசர்களுக்கு இது புரிவதேயில்லை. "ஒரே நாள்தானே லேட்டு" என்று போர்டு முன்னால் நின்று சண்டை போடுவார்கள்.

நான்காவது படி: உள் தேதி, வெளித் தேதி

ஜூலை 17-இல் ஒரு லைன், 24-இல் இரண்டாவது லைன். ஞாயிறுகளும் ஆகஸ்ட் 15 விடுமுறையும் போக, 24,000 பீஸும் கூடுதலாக வெட்டியதும் தைத்து முடிய ஆகஸ்ட் 17 ஆகிவிடும். செக்கிங், அயர்னிங், பேக்கிங் தையலுக்குப் பின்னாலேயே வந்தாலும் 4 நாள் பின்தங்கும். 21. இன்ஸ்பெக்ஷன் முடித்து 25-இல் சரக்கு தயார். இது உள் தேதி: எல்லாம் சரியாக நடந்தால் வரும் தேதி.

எல்லாம் சரியாக நடக்காது என்பதால் ஒரு கையிருப்பு வேண்டும். எவ்வளவு என்பதைவிட எங்கே வைப்பது என்பது முக்கியம். வழக்கமாக நடப்பது இது: புரொடக்ஷன் மேனேஜருக்கு மெர்ச்சண்டைசர் எப்படியும் குறைத்துத்தான் பையரிடம் சொல்வார் என்று தெரியும், அதனால் பத்து நாள் கூட்டிச் சொல்வார். மெர்ச்சண்டைசருக்கு அவர் கூட்டித்தான் சொல்கிறார் என்று தெரியும், அதனால் பத்து நாள் வெட்டுவார். சில சமயம் அவர் கூட்டாமல் சொல்லியிருப்பார். அன்றைக்குச் சரக்கு விமானத்தில் போகும்.

இந்த விளையாட்டை நிறுத்த ஒரே வழி, எல்லாரும் கூட்டாமல் குறைக்காமல் உள்ளபடி சொல்வது, கையிருப்பைக் கடைசியில் ஒரே இடத்தில் எல்லார் கண்ணுக்கும் தெரிய வைப்பது. நம் ஆர்டரில் 4 நாள். அந்த நான்கு நாளை யார் எதற்காகச் செலவு செய்தாலும் தாளில் எழுத வேண்டும். அதில் மெர்ச்சண்டைசர் கையெழுத்தும் புரொடக்ஷன் மேனேஜர் கையெழுத்தும் இருக்க வேண்டும். இரண்டு கையெழுத்து இல்லாத தேதி பையருக்குப் போகக் கூடாது. ஓனரே போனில் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அந்தத் தாளை அவர் மேஜையில் வைத்து, மூன்றாவது கையெழுத்தை அவரிடமே வாங்குங்கள். பல ஓனர்கள் பேனாவை எடுத்த பிறகுதான் கணக்கையே பார்ப்பார்கள்.

வெளித் தேதி ஆகஸ்ட் 29. பையர் கேட்டது 10. இனிதான் மெர்ச்சண்டைசரின் உண்மையான வேலை.

ஐந்தாவது படி: "முடியாது" என்று எழுதாமல், எது முடியும் என்று எழுதுங்கள்

ஆகஸ்ட் 10 ஏன் வேண்டும் என்று கேளுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்கப் புதியவர்கள் கூச்சப்படுவார்கள். பெரும்பாலும் பையர் சந்தோஷமாகவே பதில் சொல்வார். இங்கே பதில்: கடைகளில் முதல் அடுக்கு நிரப்பக் கொஞ்சம் சரக்கு வேண்டும், மீதி இரண்டு மூன்று வாரம் கழித்து வந்தாலும் பரவாயில்லை.

அப்படியானால் வெள்ளை. லேப் டிப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நிட்டிங்கில் முதலில் வெள்ளைக்கான துணியை எடுத்தால், பி.பி. சேம்பிளை வெள்ளையிலேயே ஜூன் 28-இல் அனுப்பிவிடலாம், ஜூலை 6-இல் அப்ரூவல். ஜூலை 17-க்கு முன்பே வெட்டி, பிரிண்ட் அடித்து வந்துவிடும். இப்போது லைனுக்காகத் துணி காத்திருக்கிறது. அப்ரூவல் மூன்று நான்கு நாள் நழுவினாலும் லைன் நிற்காது.

மூன்றாம் லைன் 17-இலிருந்து 23 வரை ஆறு வேலை நாளில், முதல் மூன்று நாள் 900, அடுத்த மூன்று நாள் 1,755, ஆக 2,655. 24-இல் ஐந்தாம் லைனும் சேர்ந்தால் ஜூலை 30-க்குள் 8,000 முடிந்துவிடும். பேக்கிங் ஆகஸ்ட் 4. இன்ஸ்பெக்ஷன் 6. ஆகஸ்ட் 10-க்கு இன்னும் நான்கு நாள் கையிருப்பு. டெய்லர்களுக்கு ஸ்டைல் பழகிவிட்டதால் கறுப்பும் சிவப்பும் முதல் நாளிலிருந்தே முழு வேகத்தில் ஏறும், ஆகஸ்ட் 29-க்குத் தயார்.

ஒரே நஷ்டம், 8,000 பீஸ் முழு கன்டெய்னர் பிடிக்காது. மற்றவர்கள் சரக்கோடு சேர்த்து எல்.சி.எல்.லில் தூத்துக்குடி வழியாக அனுப்ப வேண்டும், கொஞ்சம் செலவு கூடும். அதை விலையிலேயே பேசிவிடலாம். விமானத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: கிலோவுக்கு 200 ரூபாய் விமானக் கட்டணம் என்று வைத்தால், அட்டைப்பெட்டி எடையோடு ஒரு டி-ஷர்ட் 200 கிராம், பீஸுக்கு 40 ரூபாய். ஒரு பீஸில் 20 ரூபாய் லாபம் வைத்த ஆர்டர் என்றால் கைக்காசு 20 போகிறது.

பையருக்கு எழுதும் கடிதத்தில் தேதியோடு நிபந்தனையையும் சேருங்கள். இப்படி:

"வெள்ளை 8,000 பீஸ் ஆகஸ்ட் 10, கறுப்பு, சிவப்பு 16,000 பீஸ் ஆகஸ்ட் 29. லேப் டிப்புக்கும் பி.பி. சேம்பிளுக்கும் கிடைத்த நாளிலிருந்து மூன்று வேலை நாளில் உங்கள் பதில் வரும் என்ற கணக்கில் இந்தத் தேதிகள். பதில் தாமதமானால் புதிய தேதியை அன்றே தெரிவிப்போம். கட்டிங் தொடங்கிய பிறகு அளவிலோ பிரிண்ட்டிலோ மாற்றம் வந்தால் தேதியும் விலையும் மீண்டும் பேச வேண்டும்."

இதை எழுதினால் பையர் கோபித்துக்கொள்வார் என்று நினைப்போம். நான் பார்த்தவரை, இப்படி எழுதுபவர்களைத்தான் பையர்கள் அடுத்த சீசனுக்கும் கூப்பிடுகிறார்கள். தாமதமானால் யார் பக்கம் தாமதம் என்ற சண்டைக்கும் இது ஒரு காகிதம்.

தேதி கொடுத்த பிறகு

வாரம் ஒரு முறை, அரை மணி நேரம், போர்டு முன்னால் நின்றபடி. மெர்ச்சண்டைசர், புரொடக்ஷன், துணி பார்ப்பவர், மூன்று பேர் போதும். உட்கார்ந்தால் டீ வரும், டீ வந்தால் ஒன்றரை மணி நேரம் ஆகும்.

ஓடும் ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரே கேள்வி: நான்கு நாள் கையிருப்பில் எத்தனை மிச்சம்? "எல்லாம் ஓடிட்டு இருக்குங்க" என்பது பதில் அல்ல. சாய ஆலைக்குப் போன துணி எத்தனை கிலோ, திரும்பி வந்தது எத்தனை கிலோ என்பது பதில். ஜூலை 22-இல் லைனிலிருந்து 585-க்குப் பதில் 400 வருகிறது என்றால், நாள்கள் இன்னும் இருப்பதால் யாரும் பதறமாட்டார்கள். ஆனால் ஒவ்வொரு நாளும் 185 பீஸ் கடன் ஏறுகிறது, மூன்று நாளில் கிட்டத்தட்ட ஒரு நாள் உற்பத்தி போய்விட்டது. ஒன்றரை ஷிஃப்ட்டை எடுக்க வேண்டிய நேரம் அதுதான். ஆகஸ்ட் 5-ஆம் தேதி ராத்திரி எடுத்தால் டெய்லர் அவசரத்தில் தைத்ததெல்லாம் செக்கிங்கில் திரும்பி வரும்.

அப்படித் திரும்பி வருவது இன்ஸ்பெக்ஷனில் தெரியும். எத்தனை குறை வரை ஏற்கலாம் என்று சொல்லும் வழக்கமான ஏ.க்யூ.எல். 2.5 அட்டவணைப்படி, 8,000 பீஸ் லாட்டிலிருந்து 200 பீஸ் எடுத்துப் பார்ப்பார்கள். பெரிய குறை 10 பீஸ் வரை இருந்தால் பாஸ், 11 ஆனால் மொத்த லாட்டும் ஃபெயில். பெட்டியைப் பிரித்து எல்லாவற்றையும் மறுபடி செக் செய்ய இரண்டு மூன்று நாள் போகும். கையிருப்பைத் தையலிலேயே தின்றுவிட்டால் இதற்கு இடமிருக்காது. அதனால் நான் ஒரு விதி வைத்திருந்தேன்: தையல் முடியும்போது பாதிக் கையிருப்பாவது மிச்சம் இருக்க வேண்டும். இல்லையென்றால் அன்றே பையருக்கு எழுதிவிடுவேன்.

அன்றே எழுதுவது என்பது சுலபமில்லை. மெர்ச்சண்டைசருக்குக் கை வராது. புரொடக்ஷனும் "நாளைக்குப் பார்க்கலாம்" என்பார். ஆனால் பத்து நாள் முன்னால் "நான்கு நாள் தாமதமாகலாம்" என்று சொன்னால் பையர் அடுத்த கப்பலில் இடம் பார்ப்பார். கிளம்பும் நாளில் சொன்னால் அவருக்கு விமானம் தவிர வழியில்லை, பில் நமக்கு வரும்.

பண்டிகைகளையும் போர்டிலேயே எழுதிவையுங்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தென் மாவட்டத்து ஆட்கள் ஊருக்குப் போவார்கள், லைன் பழையபடி நிரம்ப அதற்குப் பிறகும் சில நாள் ஆகும். வடமாநிலத் தொழிலாளர்கள் அதிகமுள்ள ஃபேக்டரியில் ஹோலி, சத் பூஜை, அவர்கள் ஊர்த் தேர்தல் எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். இந்தத் தேதிகள் லைன் சூப்பர்வைசருக்கு வருடத் தொடக்கத்திலேயே தெரியும். மெர்ச்சண்டைசரிடம் அவராக வந்து சொல்லமாட்டார், கேட்க வேண்டும்.

ஆர்டர் பிடித்தவருக்கு எப்போது பாராட்டு?

மார்க்கெட்டிங் ஆளுக்கு ஆர்டர் ஷீட் கையெழுத்தான அன்றே இன்சென்டிவ் கொடுக்கும் கம்பெனிகள் இருக்கின்றன. அங்கே மேலே சொன்னதெல்லாம் ஒரு சீசன்கூடத் தாங்காது. அவர் ஆகஸ்ட் 10 என்று சொன்னால் இன்சென்டிவ், 29 என்று சொன்னால் ஒன்றுமில்லை. மனிதர் எதைச் சொல்வார்? பாதியைக் கையெழுத்தின்போதும், மீதியைச் சரக்கு சொன்ன தேதியில் போன பிறகும் கொடுத்துப் பாருங்கள். அடுத்த வாரமே அவர் போர்டு முன்னால் வந்து நிற்பார். புரொடக்ஷன் மேனேஜருக்கும் ஒரு நாளைக்கு எத்தனை பீஸ் என்று மட்டும் கேட்காமல், கையெழுத்துப் போட்ட தேதிகளில் எத்தனை நின்றன என்று கேட்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் சுலபமான ஸ்டைலை முதலில் ஓட்டி எண்ணிக்கையைக் காட்டுவார், உங்கள் காலர் வைத்த போலோ மூலையில் கிடக்கும்.

ஒவ்வொரு ஆர்டரும் போன பிறகு பழைய தாளை எடுத்து, போட்ட தேதிக்குப் பக்கத்தில் நடந்த தேதியை எழுதிவையுங்கள். பத்து ஆர்டர் சேர்ந்தால், உங்கள் சாய ஆலை சொல்லும் 7 நாள் உண்மையில் எத்தனை நாள் என்பதும், அந்த ஜெர்மனி பையரின் மூன்று வேலை நாள் எத்தனை நாள் என்பதும் கையெழுத்தில் நிற்கும். அடுத்த ஆர்டருக்கு அவர்கள் சொல்லும் எண்ணை விட்டுவிட்டு இந்த எண்ணைப் போடுங்கள். நான் வைத்திருந்த நோட்டில் ஒரு பிரிண்டிங் யூனிட்டின் "நாளை மறுநாள்" சராசரியாக ஐந்து நாள். அதற்குப் பிறகு அந்த யூனிட்டோடு நான் சண்டை போட்டதில்லை, ஐந்து நாள் என்றே போட்டுக்கொண்டேன்.